முதலில் கண்ணைக் கூப்பிடுவோம்
காது கேளாதவரை அழைக்கும் முறையும் வணக்கம் சொல்லும் முறையும்



இந்த முறை பாடம் ஒரு சின்ன விஷயம் போலத் தெரியும். காது கேளாத ஒருவரை எப்படிக் கூப்பிடுவது, கூப்பிட்ட பிறகு எப்படி வணக்கம் சொல்வது என்பதுதான் பாடம். "இதில் படிக்க என்ன இருக்கிறது, தோளைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்தானே" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது எவ்வளவு தவறு என்று மலையில் வைத்து ஓர் அக்காதான் எங்களுக்குக் காட்டித் தந்தார்.

அந்த அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் சில வருஷம் காது கேளாதோர் பாடசாலை விடுதியில் தங்கிப் படித்தவர். அதனால் சைகை மொழி நன்றாகத் தெரியும். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. ஆனால் அவருடைய மலையில் எல்லோரும் ஒரே குறை சொல்வார்கள்: "அது கோபக்காரிங்க ஐயா. கிட்டப் போனாலே சீறும்."

ஒரு நாள் ஒரு படிவத்தில் அவருடைய கையொப்பம் வாங்க நாங்கள் மலைக்குப் போனோம். அவர் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பின்பக்கமாகப் போய், கூடையைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தோம். கூடைக் கயிறு தலையில் அல்லவா இருக்கிறது? கழுத்து பின்னுக்கு வெட்டி இழுத்தது. கால் சறுக்கி, தேயிலைச் செடியில் முட்டுக்கொடுத்து நின்றார். திரும்பியவர் முகத்தில் முதலில் இருந்தது பயம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர் கோபக்காரி அல்ல. ஒரு நாளைக்கு நாலு தடவை யாராவது அவரைத் திடுக்கிட வைக்கிறார்கள். நமக்குப் பின்னால் ஒருவர் வந்தால் காலடிச் சத்தம் கேட்கும், இருமல் கேட்கும், செடி உரசுவது கேட்கும். தொடுவதற்கு முன்பே ஆள் வருவது தெரிந்துவிடும். அவருக்கு அந்த முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்து பிடிக்கிறது. நமக்கு அப்படி நடந்தாலும் நாமும் சீறத்தான் செய்வோம்.

பிறகு நகரத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கு நாங்கள் போனோம். பாடம் நடத்திய ஆசிரியரும் காது கேளாதவர்தான். அவர் கையால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் வாயால் சொன்னார். அங்கே கற்றதையும், அந்த அக்கா சொல்லித் தந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

பேர் சொல்லிக் கூப்பிட முடியாத மொழி

முதலில் ஒரு அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். நம் பேச்சில் பேருக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கும் பேர் வேண்டும், அவரைக் கூப்பிடுவதற்கும் பேர் வேண்டும். "ஏ புள்ள" என்று பேரைச் சேர்த்து ஒரு சத்தம் போட்டால், இரண்டு நிறைக்கு அப்பால் இருப்பவளும் திரும்பிப் பார்ப்பாள்.

சைகை மொழியிலும் ஆளுக்கு ஆள் பேர் இருக்கிறது. அதைச் சைகைப் பேர் என்கிறார்கள். ஆனால் அந்தப் பேரால் ஒருவரைக் கூப்பிட முடியாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். சைகை கண்ணுக்குத்தான் தெரியும். அவர் நம்மைப் பார்க்காமல் இருந்தால், பேரை எத்தனை தடவை கையால் காட்டினாலும் பயன் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தால், பேரைக் காட்டிக் கூப்பிடத் தேவையே இல்லை. அதனால் கூப்பிடுகிற வேலையைத் தொடுதல், கையசைப்பு, வெளிச்சம், அதிர்வு ஆகியவை செய்கின்றன. அவற்றுக்கு அளவு உண்டு, ஒழுங்கு உண்டு. உலகத்தில் பல நாடுகளில் காது கேளாதோர் இதே மாதிரி முறைகளைத்தான் கைக்கொள்கிறார்கள். இது அவர்களுடைய மரியாதை முறை.

தூரத்துக்குத் தக்கபடி கூப்பிடுதல்

எந்த முறையைப் பாவிப்பது என்பது நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் தொடலாம். தோளில் அல்லது மேல் கையின் வெளிப்பக்கத்தில், விரல் நுனியால், இரண்டு அல்லது மூன்று தடவை மெதுவாகத் தட்ட வேண்டும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். இதுதான் "கொஞ்சம் இங்கே பாருங்கள்" என்பது. தலையில் தட்டக்கூடாது. முகத்தைப் பிடித்துத் திருப்பக்கூடாது. முதுகில் அடிக்கக்கூடாது. ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. அது நம் காதுக்குள் ஒருவர் விடாமல் கத்துவது மாதிரி. பின்பக்கமாகத்தான் வர வேண்டியிருந்தால், கொஞ்சம் சுற்றி வந்து பக்கவாட்டில் உங்கள் உருவம் தெரியும்படி நின்று, பிறகு தொடுங்கள்.

முக்கியமாக, கையைப் பிடிக்கக்கூடாது. அவர் இன்னொருவரோடு சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்தால், அது நாம் பேசும்போது ஒருவர் வந்து நம் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

நாலைந்து அடி தள்ளி இருந்தால் கையை அசைக்கலாம். முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டு, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டிலிருந்து மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டத் தேவையில்லை. அவருடைய கடைக்கண்ணில் படும் இடத்தில் அசைத்தாலே போதும். பிறவியிலிருந்து காது கேளாத, சைகை மொழி பேசுகிறவர்களுக்குக் கண்ணின் ஓரத்தில் நடக்கும் அசைவைக் கவனிக்கும் திறன் நம்மைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அதனால் சின்ன அசைவே அவருக்குப் போதும். இரண்டு கையையும் காற்றில் போட்டு வீசினால் "என்னவோ ஆபத்து" என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

அதைவிடத் தூரத்தில் இருந்தால் ஆள் மூலம் கூப்பிடுவதுதான் நல்லது. அவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் கவனத்தைப் பிடித்து, "அவரை இங்கே பார்க்கச் சொல்லுங்கள்" என்று காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தோளைத் தட்டி, உங்கள் பக்கம் விரலைக் காட்டுவார். இது காது கேளாதவர்கள் கூடும் இடங்களில் தினமும் நடப்பது. நாலு பேர் வரிசையாக ஒருவரை ஒருவர் தட்டி, கடைசி ஆள் வரைக்கும் செய்தியைக் கொண்டுபோவார்கள். யாரும் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை.

அறைக்குள் இருந்தால் வெளிச்சம் உதவும். லைட் சுவிட்சை அணைத்து, போட்டு, இன்னொரு தடவை அணைத்து, போட்டால் போதும். நிதானமாகச் செய்ய வேண்டும். படபடவென்று பத்துத் தடவை போட்டு அணைத்தால் அதுவும் ஆபத்து அறிவிப்பாகிவிடும். நம் லயத்துக் காம்பராவில் சுவிட்ச் உள்ளேதான் இருக்கும். இரவில் வெளியே நிற்பவர் ஜன்னல் வழியாக அல்லது கதவின் அடி இடுக்கு வழியாக டோர்ச் வெளிச்சத்தைச் சுவரில் அல்லது நிலத்தில் மெதுவாக ஆட்டலாம். கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சமும் போதும். கண்ணுக்கு நேரே அடிக்கக்கூடாது. வெளிச்சம் கண்ணில் பட்டால் எதிரில் நிற்பது யார் என்று தெரியாது. அவர் பயப்படுவார்.

அதிர்வும் ஒரு வழிதான். பலகைத் தரையில் காலால் இரண்டு தடவை தட்டினால் அவர் பாதத்துக்குத் தெரியும். மேசையில், அவர் இருக்கும் வாங்கில், உள்ளங்கையால் தட்டினாலும் தெரியும். ஆனால் சீமெந்துத் தரையில் எவ்வளவு மிதித்தாலும் அதிர்வு போய்ச் சேராது. நம் லயங்களில் பெரும்பாலும் சீமெந்துதான். "நான் தரை அதிர மிதித்தேன், அது வேண்டுமென்றே திரும்பவில்லை" என்று யாராவது சொன்னால், அந்தத் தரை என்ன தரை என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தூரத்தில் இருந்து சின்னக் கல்லையோ மண்கட்டியையோ எறிந்து கூப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். காது கேளாதவர்கள் தங்கள் வீட்டுக்குள், நெருங்கியவர்களிடையே, ஒரு துணியைச் சுருட்டிப் போட்டுக் கூப்பிடுவது உண்டு. அது அவர்களுக்குள் இருக்கும் உரிமை. அதைப் பார்த்துவிட்டு நாம் கல்லை எடுக்கக்கூடாது.

கண் வந்த பிறகுதான் வணக்கம்

கூப்பிட்டாயிற்று, அவர் திரும்பிப் பார்க்கிறார். நம்மில் பலர் அந்த இடத்தில் அவசரப்படுகிறோம். பாதி திரும்பும்போதே விஷயத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். அவர் கண் நம் முகத்துக்கு வந்து நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். கொழுந்து எடுக்கிறவர் விரல் பாதிக் கொழுந்தில் இருக்கும். அதைக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார். அந்த இரண்டு மூன்று வினாடி நமக்கு நீளமாகத் தெரியும். ஆனால் அதற்குள் சொன்னது எதுவும் அவருக்குப் போய்ச் சேராது.

கண் சந்தித்ததும் வணக்கம். எந்தச் சைகையால் சொல்வது? இங்கே ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்த வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி இல்லை. அமெரிக்காவில் விரல்களைச் சேர்த்து நெற்றிப் பக்கத்தில் வைத்து, கையை வெளிப்புறமாகக் கொண்டுபோனால் அது வணக்கம். நம் கண்ணுக்கு அது சலியூட் அடிப்பது மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் கையை அசைத்து வணக்கம் சொல்வார்கள். கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே "நல்ல" என்று அர்த்தம். இந்தியாவில் கைகூப்புவதே வணக்கமாக இருக்கிறது. காது கேளாத பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி வளரும்போது அங்கே ஒரு மொழி வளர்கிறது. நம் நாட்டிலும் 1912-இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை முதல், பல காது கேளாதோர் பாடசாலைகளில் பிள்ளைகள் ஒன்றுகூடிச் சைகை பேசி வளர்ந்திருக்கிறார்கள். பாடசாலைக்கே போகாதவரோ, தன் வீட்டாரோடு சேர்ந்து உண்டாக்கிய வீட்டுச் சைகையை மட்டும் வைத்திருப்பார். ஆகவே உங்கள் லயத்தில் இருப்பவர் எப்படி வணக்கம் சொல்கிறாரோ, அதை அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தில் கைகூப்பினால் நம் நாட்டில் யாருக்கும் விளங்கும்.

கையை விடப் பெரிய விஷயம் முகம். நாம் "வணக்கம்" என்று சொல்லும்போது குரலில் அன்பு இருக்கிறதா, அலுப்பு இருக்கிறதா என்று கேட்பவருக்குத் தெரியும். சைகையில் அந்தக் குரல் முகத்தில்தான் இருக்கிறது. கையைக் கூப்பிவிட்டு முகத்தைக் கல்லு மாதிரி வைத்திருந்தால், வேண்டா வெறுப்பாகச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். பல சைகை மொழிகளில் முகம் இலக்கண வேலையும் செய்கிறது. உதாரணமாக அமெரிக்கச் சைகை மொழியில் "ஆம், இல்லை" என்று பதில் வரும் கேள்விக்குப் புருவத்தை உயர்த்துவார்கள். "யார், எங்கே, ஏன்" என்ற கேள்விக்குப் புருவத்தைச் சுருக்குவார்கள். புருவம் சுருங்குவதைப் பார்த்து "நம்மை முறைக்கிறார்" என்று நினைத்துவிடக்கூடாது.

வணக்கத்துக்குப் பிறகு, புதிய ஆளாக இருந்தால் விசாரணை நடக்கும். நீங்கள் காது கேட்பவரா கேளாதவரா, எந்த ஊர், எந்தப் பாடசாலை, அங்கே யாரைத் தெரியும் என்று கேட்பார்கள். சிதறி வாழும் மக்கள் தங்களுக்குள் ஒரு தொடர்பைத் தேடிப் பிடிப்பதற்கு அதுதான் வழி. நாம் "நீங்க எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்பது மாதிரிதான் இதுவும்.

நாளடைவில் அவர்கள் உங்களுக்கு ஒரு சைகைப் பேர் வைப்பார்கள். அதை நாமே நமக்கு வைத்துக்கொள்வது முறையல்ல. அவர்கள்தான் தர வேண்டும். பெரும்பாலும் கண்ணில் படும் ஓர் அடையாளத்தையோ பழக்கத்தையோ வைத்துத்தான் பேர் வரும். மீசை, தழும்பு, கண்ணாடி, அடிக்கடி தலையைச் சொறிவது, எதுவாகவும் இருக்கலாம். எங்களுக்குக் கிடைத்த பேர், சட்டைப் பையில் பேனாவைத் தேடுவது மாதிரி ஒரு சைகை. முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கேலி இல்லை என்று பிறகு விளங்கியது. கண்ணால் பார்த்ததைச் சொல்வது அவர்கள் வழக்கம். "மெலிஞ்சு போயிட்டீங்க" என்று நேராகச் சொல்வதும் அப்படித்தான். அது நம் லயத்து அக்காமாருக்கும் புதிது அல்லவே.

விடைபெறுவதும் சட்டென்று முடியாது. "போய் வருகிறேன்" என்று ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, அடுத்து எப்போது சந்திப்போம் என்று ஒரு தடவை. நாம் செய்யக்கூடாதது ஒன்று: பேச்சு முடிந்தது என்று நாமாகவே நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவது. கண்ணை எடுப்பது அங்கே காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். கடைசியாக ஒரு முறை கையசைத்து, அவரும் அசைத்த பிறகு திரும்புங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது கவனிக்க வேண்டியவை

இஸ்தோப்பில் இரண்டு பேர் சைகையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் நடுவால் போக வேண்டும். என்ன செய்வது? தலையைக் கொஞ்சம் தாழ்த்திச் சட்டென்று போய்விடுங்கள். "மன்னிக்கணும், போகலாமா" என்று நடுவில் நின்று அனுமதி கேட்டால் அவர்களுடைய பேச்சு அறுந்து போகும். ஒரு நொடி மறைவதில் ஒன்றும் கெட்டுப் போகாது.

வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். வெற்றிலையை மென்றுகொண்டோ, வாயைக் கையால் மறைத்துக்கொண்டோ பேசாதீர்கள்.

வாயசைவைப் பார்த்தே அவர் எல்லாம் விளங்கிக்கொள்வார் என்றும் நம்பாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் இல்லாமல் "பணம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மனம்" என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். ப-வுக்கும் ம-வுக்கும் உள்ள வித்தியாசம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது, உதட்டில் இல்லை. "படி", "மடி" என்பதும் அப்படித்தான். அவர் தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. சம்பளம், லீவு, ஆஸ்பத்திரித் தேதி போன்ற விஷயம் என்றால் எழுதிக் காட்டுங்கள், அல்லது சைகை தெரிந்த வீட்டாரைக் கூட்டி வாருங்கள். அப்போதும் "அவகிட்டச் சொல்லுங்க" என்று கூட வந்தவரைப் பார்த்துப் பேசக்கூடாது. யாருக்குச் சொல்கிறீர்களோ அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

குளவி கலைந்த அன்று நடந்தது

இப்போது, இந்த முறைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம்.

நாங்கள் கூடையை இழுத்த கதைக்குச் சில மாதங்களுக்கு முன், அதே அக்கா வேலை செய்த மலையில் குளவி கலைந்தது. மழைத் தூறல் நேரம். மேல் நிறையில் நின்றவர்கள் முதலில் கண்டு "குளவி, குளவி, ஓடுங்க" என்று சத்தம் போட்டார்கள். எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த அக்கா ஓடவில்லை. கண் கொழுந்தின் மேல் இருந்தது. தலையில் கொங்காணி போட்டிருந்தபடியால் இரண்டு பக்கமும் மறைத்திருந்தது. கடைக்கண் திறமை எவ்வளவு இருந்தாலும் துணியைத் தாண்டிப் பார்க்க முடியாது அல்லவா? பக்கத்து நிறையில் இருந்த தங்கச்சி ஓடிப்போகும் வழியில் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா கையை உதறிவிட்டார்.

ஏன் உதறினார்? தினமும் யாராவது அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் குடிக்கக் கூப்பிட இழுப்பார்கள், கொழுந்து நிறுக்கக் கூப்பிட இழுப்பார்கள், விளையாட்டுக்கும் இழுப்பார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது மலையில் ஆள் இல்லை, குளவிதான் இருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பயிற்சி முடிந்து வந்த பிறகு நாங்கள் கங்காணியையும், அந்த மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களையும், அக்காவையும், சைகை தெரிந்த அவருடைய மகளையும் கொழுந்து மடுவத்தில் கூட்டி வைத்துப் பேசினோம். முதலில் அக்காவைத்தான் கேட்டோம். "எப்படிக் கூப்பிட்டால் உங்களுக்கு நல்லது?" மகள் கேள்வியைக் கையால் சொன்னாள். அக்கா சொன்ன பதில் இது: "சாதாரணமாகக் கூப்பிட இரண்டு தட்டு, கையை எடுத்துவிடுங்கள். ஆபத்து என்றால் பிடித்த கையை விடாதீர்கள்."

அதையே ஒழுங்காக வைத்துக்கொண்டோம். தட்டி விட்டால் பேச்சு. பிடித்து விடாமல் இருந்தால் ஓட்டம். இந்த ஒழுங்கு நிற்க வேண்டுமானால், மற்ற எந்தக் காரணத்துக்கும் யாரும் அவர் கையைப் பிடிக்கக்கூடாது. ஒரு நாள் விளையாட்டுக்குப் பிடித்தாலும் அறிவிப்பு கெட்டுப்போகும். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தூரத்தில் இருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசிக் காட்டலாமே என்று கங்காணி கேட்டார். பாறை உருளுவதற்கும் மின்னல் நேரத்துக்கும் அது சரி. குளவிக்குச் சரிவராது. குளவி கலைந்த இடத்தில் கை வீசினால் குளவி அந்தக் கையைத்தான் தேடி வரும். அதனால் குளவிக்குப் பக்கத்து ஆளின் கைதான் வழி என்று முடிவு செய்தோம். பேர் போடும்போதே அக்காவுக்குப் பக்கத்து நிறை யாருக்கு என்று கங்காணி சொல்லிவிட வேண்டும். அந்த ஆள் வேலைக்கு வராத நாளில் இன்னொருவர். தூறல் நாளில் அக்கா கொங்காணியின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் மடித்துக்கொள்வார். அப்போது பக்கவாட்டில் நடப்பது கண்ணில் படும்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டோம். இரண்டு தட்டுக்கு அக்கா நிதானமாக நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார். காலையில் பெரட்டுக் களத்தில் பெண்கள் அவர் முன்னால் வந்து நின்று கைகூப்புகிறார்கள். "கோபக்காரி" என்ற பேச்சு தானாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இன்னொரு தடவை குளவி கலைந்தது. பக்கத்து நிறைப் பெண் கையைப் பிடித்தாள், விடவில்லை. அக்கா கேள்வி கேட்காமல் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளோடு ஓடினார். அன்று அவருக்கு ஒரு கொட்டுகூட இல்லை.

இந்த ஒழுங்குக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் தனியாக நிற்கும் இடத்தில் இது வேலை செய்யாது. விறகுக்குப் போகும்போது, ஆற்றுக்குப் போகும்போது, துணைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்போது முன்னால் நடக்க வேண்டியவர் அக்கா அல்ல, காது கேட்பவர்தான். பின்னால் இருந்து நம்மால் சத்தம் போட்டு எச்சரிக்க முடியாது அல்லவா?

ஒரு சொல்லைப் பற்றி

தோட்டத்தில் "ஊமை", "செவிடு" என்று கூப்பிடுவது பழகிப்போயிருக்கிறது. அவர் ஊமை அல்ல. அவருடைய பேச்சு கையில் இருக்கிறது. காது கேளாதவர் என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, எல்லோரையும் போல அவருடைய பேரைச் சொல்வது. அவருக்குக் கேட்காது என்பதற்காக அவர் முன்னாலேயே அந்தச் சொற்களைப் பாவிக்கிறோம். அவருக்குக் கேட்காவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் அவருடைய பிள்ளைக்குக் கேட்கும்.

பாடத்தைச் சரிபார்க்க மூன்று கேள்விகள்

1. பிள்ளை மடுவத்தில் காது கேளாத ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி வாங்கில் இருக்கிறார். தரை சீமெந்து. எப்படிக் கூப்பிடுவீர்கள்? 
விடை: தரையில் மிதித்துப் பயனில்லை. லைட்டை நிதானமாக இரண்டு தடவை அணைத்துப் போடலாம். அல்லது சுற்றி வந்து பக்கவாட்டில் தெரியும்படி நின்று தோளில் மெதுவாகத் தட்டலாம். கையில் பிள்ளை இருப்பதால் திடுக்கிட வைக்கவே கூடாது.

2. கணக்கப்பிள்ளை பெரட்டுக் களத்தில் பேர் வாசிக்கிறார். காது கேளாத தம்பி கடைசியில் நிற்கிறார். 
விடை: சத்தம் போட வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் இரண்டு தட்டுத் தட்டி, கணக்கப்பிள்ளை பக்கம் கையைக் காட்டட்டும். தம்பி பார்த்த பிறகு எந்த மலை என்று சொல்ல வேண்டும்.

3. அவர் தலையாட்டிவிட்டார். விஷயம் முடிந்ததா? 
விடை: இல்லை. "எந்த மலைக்குப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சரியான திசையைக் காட்டினால்தான் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.